ரீஃபண்ட் தர்றேன்னு கார்டு நம்பர் கேட்ட 'வருமான வரி' தளம்: அப்பாவின் 49,800 போயிடுச்சு

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர் 2025, காலை 6:50

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நடந்ததை வரிசையா எழுதுறேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயசு 71. வங்கி வைப்புநிதி வட்டியில 11,370 ரூபாய் டிடிஎஸ் பிடிச்சிருந்தாங்க. அதைத் திரும்பக் கேட்டு இந்த மாசம் 12-ந்தேதி நான்தான் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தேன். அன்னையிலிருந்து தினமும் "பணம் வந்துச்சா, வந்துச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

நேத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7:30 வாக்கில் ஒரு எஸ்எம்எஸ். "உங்களுக்கு 14,830 ரூபாய் வருமான வரி ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது, கணக்கை உறுதி செய்யாததால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, இன்றிரவு 12 மணிக்குள் உறுதி செய்யவும்"னு இங்கிலீஷ்ல இருந்தது. கீழே ஒரு லிங்க். அப்பா தட்டினார். அசோக சின்னம், துறையோட நீலக் கலர், மேலே மொழி மாத்துற பட்டன், எல்லாம் அச்சு அசல். பான் நம்பர், பிறந்த தேதி, மொபைல் நம்பர் கேட்டுச்சு. அடுத்த பக்கத்தில் வங்கிகளோட லோகோ வரிசை, அதில் தன் வங்கியைத் தேர்வு செய்தார். அடுத்து டெபிட் கார்டு நம்பர், காலாவதி மாசம், பின்னாடி இருக்கிற மூணு எண். "ரீஃபண்ட் இந்தக் கார்டுக்கு வரவு வைக்கப்படும்"னு எழுதியிருந்ததாம்.

அப்புறம் ஓடிபி. போட்டார். "தவறான ஓடிபி, மறுபடி முயலவும்". அடுத்த ஓடிபி வந்தது, போட்டார். மறுபடியும் தவறு. மூணாவதும் போட்டார். அப்புறம் பக்கம் சுத்திக்கிட்டே இருந்தது. 7:41-க்கு 24,900, 7:44-க்கு 24,900. ரெண்டு தடவை டெபிட்.

எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணுதான். ஓடிபி தவறுன்னு தளம் சொல்லுது, ஆனா பணம் போகுது. எப்படி? பணம் திரும்ப வழி இருக்கா?

---

இரவுப்பணி | 27 செப்டம்பர், காலை 7:15

முதல்ல சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் பண்ணீங்களா? இல்லைன்னா இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு உடனே பண்ணுங்க. கார்டையும் பிளாக் பண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

---

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர், காலை 7:22

பண்ணிட்டேன் சார். நான் சென்னையில் இருக்கேன், அப்பா எனக்குப் போன் பண்ணவே 8 மணி ஆயிடுச்சு, தயங்கிட்டே இருந்திருக்கார். 8:20-க்கு 1930-ல லைன் கிடைச்சது. கார்டும் பிளாக். புகார் எண் எஸ்எம்எஸ்ல வந்திருக்கு.

---

இரவுப்பணி | 27 செப்டம்பர், காலை 7:58

நல்லது. இப்ப உங்க கேள்வி.

ஓடிபி ஒண்ணுகூட தவறில்லை. முதல் ரெண்டும் வேலை செஞ்சதாலதான் பணம் போச்சு. அப்பா கார்டு விவரத்தைப் போட்ட அந்த நொடியில், மறுமுனையில் ஒருத்தன், இல்லைன்னா ஒரு ப்ரோகிராம், அதே எண்களை ஏதோ ஒரு கடையிலோ வாலெட்டிலோ 24,900-க்கு அடிச்சிருப்பான். அதுக்கு வங்கி உங்க அப்பாவுக்கு ஓடிபி அனுப்புது. அப்பா அதைப் போலித் தளத்தில் போடுறார், அவன் அதை எடுத்து உண்மையான இடத்தில் போடுறான். பணம் போனதும் அப்பா திரையில் "தவறு"ன்னு காட்டுறான். மனுஷன் அடுத்த ஓடிபியைத் தருவார் இல்லையா, அதுக்காக. அந்த "தவறு" ஒவ்வொண்ணும் ஒரு புது டெபிட்.

மூணாவது ஏன் போகலைன்னா, கார்டோட அன்றாட வரம்பு 50,000-ஆ இருந்திருக்கும். ரெண்டு தடவையில் 49,800 போயிடுச்சு, மூணாவதுக்கு இடமில்லை. வரம்பு ஒரு லட்சமா இருந்திருந்தா அவன் நிறுத்தியிருக்க மாட்டான்.

அந்த ஓடிபி எஸ்எம்எஸ்களை அழிக்காதீங்க. அதில் என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் பாருங்க.

---

பூட்டுச்சாவி | 27 செப்டம்பர், காலை 8:30

இதுக்குத்தான் எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். அட்ரஸ் பார்ல பூட்டு இருக்கா பாரு. பூட்டு இருந்தா அரசு தளம், இல்லைன்னா போலி. சிம்பிள்.

---

இரவுப்பணி | 27 செப்டம்பர், காலை 8:41

பூட்டுச்சாவி, தயவுசெய்து வீட்ல மாத்திச் சொல்லிடுங்க. உங்க போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவுல வேற யாரும் ஒட்டுக்கேட்க முடியாதுன்னு மட்டும்தான் பூட்டு சொல்லுது. அந்தத் தளம் யாருடையதுன்னு சொல்லாது. அதுக்கான சான்றிதழ் இலவசமாவே கிடைக்குது, சில நிமிஷ வேலை. திருடன்கிட்டயும் பாதுகாப்பா பேசலாம், அவ்வளவுதான் அர்த்தம்.

குடந்தைக்காரன், லிங்க் என்னன்னு போட முடியுமா? அப்படியே போடாதீங்க, யாராவது தட்டிடுவாங்க. கடைசிப் பகுதியை மாத்திப் போடுங்க.

---

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர், காலை 9:05

கடைசியை மாத்தியிருக்கேன்:

```
https://incometax.gov.in.refund-verify.example/itr
```

எனக்கே முதல் பார்வையில் சந்தேகம் வராது சார். incometax.gov.in தெளிவா இருக்கே. நான் ரிட்டர்ன் போட்டதும் அதே பேர்லதானே.

---

இரவுப்பணி | 27 செப்டம்பர், காலை 9:30

நாம தபால் முகவரி எப்படி எழுதுவோம்? கதவு எண், தெரு, கடைசியில் ஊர். இணைய முகவரியும் அதே மாதிரிதான். https:// முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற முதல் சாய்கோடு வரைக்கும் போய், அதுக்கு முன்னாடி கடைசியா இருக்கிறதைப் பார்க்கணும், அதுதான் ஊர். இங்கே ஊர் refund-verify.example. முன்னாடி இருக்கிற incometax.gov.in எல்லாம் அவன் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கிட்ட பெயர்ப்பலகை. கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு "ராஷ்டிரபதி பவன்"னு பேர் வச்சா குடியரசுத் தலைவர் அங்கே குடி வந்துடுவாரா?

உண்மையான லாகின் பக்கத்தைப் பாருங்க: eportal.incometax.gov.in. இங்கே கடைசியில் நிக்கிறது gov.in. அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் ஒதுக்கப்படும், நானோ நீங்களோ காசு கொடுத்து வாங்க முடியாது. அதனாலதான் அவனால அதைக் கடைசியில் வைக்க முடியலை, முன்னாடி கொண்டுவந்து வச்சிருக்கான். சில பேர் புள்ளிக்குப் பதிலா கோடு போட்டு gov-in மாதிரி வைப்பாங்க, அதுவும் இதே வேலைதான்.

---

டெல்டா_மாப்பிள்ளை | 27 செப்டம்பர், காலை 10:12

எனக்கும் ரீஃபண்ட் வரலை நண்பர்களே. ஜூலையிலயே போட்டேன், இன்னும் ப்ராசசிங்னே காட்டுது. 1930-க்குப் போன் பண்ணலாமா?

---

கணக்குப்பிள்ளை | 27 செப்டம்பர், காலை 10:40

மாப்பிள்ளை, 1930 சைபர் மோசடிக்கு. உங்க ரிட்டர்ன் துறையோட பெங்களூர் மையமான சிபிசியில் வரிசையில் நிக்குது, அது குற்றம் இல்லை, தாமதம். இந்த வருஷம் கடைசித் தேதியே ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15, அப்புறம் 16-ன்னு தள்ளிப்போனது. லாகின் பண்ணி நிலையைப் பாருங்க, உறுதிசெய்தல் முடிஞ்சிருக்கான்னும் பாருங்க. முப்பது நாளுக்குள்ள அது நடக்கலைன்னா ரிட்டர்ன் போட்டும் போடாத மாதிரிதான்.

குடந்தைக்காரன் தம்பி, நான் இருபது வருஷமா ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவள். உங்க அப்பா ஒரு நிமிஷம் நிதானிச்சிருந்தா அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே ஒரு விஷயம் இடிச்சிருக்கும். அவர் கேட்டது 11,370. வந்த செய்தியில் 14,830. இது ஏன்னு கேட்டீங்களா?

---

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர், காலை 11:02

கேட்டேன் அக்கா. "வட்டி சேர்த்துப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்"ங்கிறார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்திருக்கு.

---

கணக்குப்பிள்ளை | 27 செப்டம்பர், காலை 11:35

வட்டி உண்டுதான், அப்பா சொன்னது முழுத் தப்பில்லை. 244ஏ பிரிவில் மாசத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டிருந்தா டிடிஎஸ் தொகைக்கு ஏப்ரல் 1-லிருந்து கணக்கு. நூறுக்குக் கீழே உள்ள சில்லறையை விட்டுடுவாங்க. ஆக 11,300-க்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாசம், மூணு சதவீதம், 339 ரூபாய். மொத்தம் 11,700 சொச்சம். 14,830 வரணும்னா துறை கந்துவட்டிக்காரன் ரேட்டில் கொடுத்தாத்தான் உண்டு.

அவனுக்கு உங்க அப்பாவோட கணக்கு எதுவும் தெரியாது தம்பி. லட்சம் பேருக்கு ஒரே தொகையை வீசுறான். ஆகஸ்ட், செப்டம்பர்ல வீசினா பாதிப்பேர் நிஜமாவே ரீஃபண்டுக்குக் காத்திருப்பாங்க. 2023 ஆகஸ்ட்ல 15,490 ரூபாய்னு ஒரு செய்தி சுத்தினது ஞாபகம் இருக்கா? வங்கிக் கணக்கு எண் சரியான்னு பார்க்கச் சொல்லி லிங்க் கொடுத்திருந்தான். மத்திய அரசோட பிஐபி ஃபேக்ட் செக் அதைப் போலின்னு அறிவிச்சது. என்கிட்ட ரிட்டர்ன் போடுறவங்க நாலு பேர் அந்த வாரம் எனக்கு அதை ஃபார்வர்ட் பண்ணி "மேடம் வந்துடுச்சு"ன்னு நன்றி சொன்னாங்க.

இன்னொண்ணு. ரீஃபண்டுக்குக் கார்டே தேவையில்லை. 2019 மார்ச்சுக்கு அப்புறம் செக்கும் கிடையாது. பானோடு இணைச்சு, போர்ட்டலில் சரிபார்த்து வச்ச வங்கிக் கணக்குக்கு நேரா வரவு வைப்பாங்க. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் ரிட்டர்ன்லயே இருக்கு. அதுக்கு மேல அவங்களுக்கு உங்ககிட்ட கேட்க ஒண்ணுமில்லை.

---

மேலூர்_மணி | 27 செப்டம்பர், மதியம் 12:20

மேடம் சொல்றதில் ஒரு சின்ன மறுப்பு. போன வருஷம் ரிட்டர்ன் உறுதிசெய்ய எங்க வங்கி ஏடிஎம்ல டெபிட் கார்டு போட்டுத்தான் ஒரு எண் வாங்கினேன். வரி கட்டும்போதும் கார்டுல கட்டியிருக்கேன். அப்ப துறைக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எப்படிச் சொல்றது? அப்பா மாதிரி ஆளுங்க குழம்புறதில் ஆச்சரியமில்லை.

---

கணக்குப்பிள்ளை | 27 செப்டம்பர், மதியம் 12:48

சரியான கேள்வி மணி. ஏடிஎம் வழி உண்டு. ஆனா அங்கே நீங்க கார்டை உங்க வங்கியோட இயந்திரத்தில் சொருகுறீங்க, பின் நம்பரை அங்கேயே தட்டுறீங்க. எந்த இணையப் பக்கத்திலும் கார்டு எண்ணை எழுதலை. வரி கட்டும்போது கார்டு எண் போடுறீங்க, அங்கே உங்ககிட்டேருந்து பணம் போகுது. அதுக்குத்தான் கார்டு. பணம் உங்களுக்கு உள்ளே வர்றதுக்கு அந்த மூணு இலக்க எண்ணை வச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஓடிபியும் அப்படித்தான். வரவுக்கு ஓடிபி கேட்கிற வங்கி இந்தியாவிலேயே கிடையாது.

---

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர், மதியம் 1:30

இரவுப்பணி சார் சொன்ன மாதிரி ஓடிபி எஸ்எம்எஸ் முழுசா அப்பாவைப் படிக்கச் சொன்னேன். போன்லயே அமைதியாயிட்டார். "24,900 ரூபாய் பரிவர்த்தனைக்கு"ன்னும், ஒரு வாலெட் கம்பெனி பேரும், "யாரிடமும் பகிராதீர்"னும் தெளிவா இருக்கு. ரெண்டாவதில் ஒரு பரிசுக் கூப்பன் விக்கிற தளத்தோட பேர்.

ஆனா அவர் அந்தச் செய்தியைத் திறக்கவே இல்லை சார். திரையோட மேல்பக்கம் அறிவிப்பு வந்தது, அதிலேயே ஓடிபியை நகலெடுக்கிற பட்டன் இருக்கு. அதைத் தட்டி ஒட்டியிருக்கார். அந்த வசதியை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

---

அம்பத்தூர்_ராணி | 27 செப்டம்பர், மதியம் 2:15

தம்பி மனசு விடாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேற மாதிரி நடந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது, லிங்க்கைத் தட்டினா பக்கம் திறந்து "ஆப் இறக்குங்க"ன்னது. இறக்கிட்டார். பான், ஆதார், கணக்கு எண், கார்டு, பின்னு எல்லாம் கேட்டது. கடைசியில் ரீஃபண்ட் தொகை காட்டி "டிரான்ஸ்ஃபர்"னு பட்டன். தட்டினா ஏதோ பிழைன்னு வந்து அப்டேட் ஓடுற மாதிரி திரை. அந்த நேரம் பூரா எஸ்எம்எஸ் எல்லாம் அங்கே போய்க்கிட்டிருந்திருக்கு. ஓடிபியை அவர் யாருக்கும் சொல்லவே இல்லை, ஆனாலும் போச்சு. கடைசியில் போனையே ரீசெட் பண்ண வேண்டியதாப் போச்சு.

அப்பா போன்ல எந்த ஆப்பும் இறங்கலையே? பாருங்க முதல்ல.

---

இரவுப்பணி | 27 செப்டம்பர், மதியம் 2:50

ராணி அக்கா சொல்றது ட்ரினிக்ங்கிற திருட்டு ஆப் வகை மாதிரியே இருக்கு. 2021 செப்டம்பரில் மத்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இதைப் பத்தித் தனி எச்சரிக்கையே விட்டது, நீங்க சொன்ன அதே வரிசை, அதே டிரான்ஸ்ஃபர் பட்டன், அதே போலி அப்டேட் திரை. 27-க்கும் மேற்பட்ட இந்திய வங்கிகளோட வாடிக்கையாளர்களைக் குறிவச்சதா அதில் இருந்தது. அந்த மாதிரி ஆப் இருந்தா கார்டை மாத்தி மட்டும் பிரயோஜனமில்லை, புதுக் கார்டோட ஓடிபியும் அங்கே போகும்.

குடந்தைக்காரன், அப்பா போன்ல ஆப் பட்டியலைப் பாருங்க. எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி, திரையையே படிச்சு இயக்க விடுற அணுகல்தன்மை அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்குன்னும் பாருங்க.

---

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர், மாலை 5:10

வீடியோ கால்ல பார்த்தாச்சு, புதுசா ஒண்ணும் இல்லை. வெறும் பக்கம்தான்.

எஸ்எம்எஸ் வந்த எண் சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்.

---

இரவுப்பணி | 27 செப்டம்பர், மாலை 5:34

அதுவே ஒரு அடையாளம். துறையோ வங்கியோ அனுப்பினா, அனுப்புநர் இடத்தில் மொபைல் எண்ணுக்குப் பதிலா பதிவு செஞ்ச எழுத்துத் தலைப்பில் வரும். இந்த மே மாசத்திலிருந்து கடைசியில் ஒரு கோடும் எழுத்தும் சேருது, அரசுச் செய்திக்கு -G. போன அக்டோபரிலிருந்து, முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் இருந்தா அந்தத் தலைப்பில் வர்ற எஸ்எம்எஸ் தடுக்கப்படுது. அதனாலதான் இவங்க சாதாரண எண்ணுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வந்துட்டாங்க.

---

மேலூர்_மணி | 27 செப்டம்பர், மாலை 6:20

சரி, ஓடிபியைத் தரலைன்னா தப்பிச்சிருப்போம்னு நினைக்க வேண்டாம். என் நண்பன் இதே மாதிரி பக்கத்தில் கிரெடிட் கார்டு விவரம் போட்டான், ஓடிபி கேட்கும்போது சுதாரிச்சு மூடிட்டான். ரெண்டு நாள் கழிச்சு டாலர்ல டெபிட். ஓடிபி வரவே இல்லை. எப்படின்னு இன்னும் எங்களுக்குப் புரியலை.

---

மூன்றாம்_கவுண்டர் | 27 செப்டம்பர், இரவு 8:05

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணி, உங்கள் நண்பருடைய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்திருக்கும். ஓடிபி என்பது நம் நாட்டு விதி. வெளிநாட்டு வணிகர் அதைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண்ணும் காலாவதியும் பின்பக்க எண்ணும் போதும். 2020-க்குப் பிறகு தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், நாமாகத் திறந்தால்தான் உண்டு. எப்போதோ ஒரு முறை திறந்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

குடந்தைக்காரன் தம்பி, இப்போது உங்கள் பணம் பற்றி. ஒளிக்காமல் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. வாடிக்கையாளர் பக்கம் தவறே இல்லாமல் மூன்றாமவரால் நடந்தது, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டார் என்றால், அவர் பொறுப்பு சுழியம். ஆனால் வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவருடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் நஷ்டம். உங்கள் அப்பா விஷயத்தில் இரண்டு டெபிட்டும் தெரிவிப்பதற்கு முன் நடந்தவை.

ஆகவே வங்கி "நீங்கள்தானே ஓடிபி கொடுத்தீர்கள்" என்று கையை விரிக்கும். விரிக்கட்டும். ஆனால் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள்.

---

குடந்தைக்காரன் | 27 செப்டம்பர், இரவு 9:40

ஐயா, அப்ப நம்பிக்கையே இல்லைன்னு எடுத்துக்கலாமா? வாதாட ஒண்ணுமே இல்லையா?

அப்பா அந்தக் கணக்கையே மூடிடுன்னு அடம் பிடிக்கிறார். திங்கட்கிழமை கூட்டிட்டுப் போகச் சொல்றார்.

---

மூன்றாம்_கவுண்டர் | 28 செப்டம்பர், காலை 6:30

இருக்கிறது, கொஞ்சம். வாடிக்கையாளர் தவறுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியினுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஒருபோதும் வாலெட்டில் பணம் போடாத 71 வயதுக்காரரின் கார்டில் மூன்று நிமிட இடைவெளியில் ஒரே தொகை இரண்டு முறை போகிறது. உங்கள் கண்காணிப்பு ஏன் நிறுத்தவில்லை என்று கேளுங்கள். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம்.

வெல்வீர்களா என்று என்னால் சொல்ல முடியாது. உண்மையில் பணம் திரும்ப நல்ல வழி 1930 முடக்கி வைத்த தொகைதான். எவ்வளவு நின்றது?

---

இரவுப்பணி | 28 செப்டம்பர், காலை 9:10

கவுண்டர் ஐயா, மன்னிக்கணும், அந்தக் கண்காணிப்பு வாதம் எடுபடும்னு எனக்குத் தோணலை. ஓடிபி செய்தியில் தொகையும் கடைப் பேரும் இருந்திருக்கு. வங்கி அதைத்தான் முதல்ல நீட்டும்.

---

மூன்றாம்_கவுண்டர் | 28 செப்டம்பர், காலை 9:45

நீட்டும்தான். நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து நீட்டியிருக்கிறேன். ஆனாலும் கேட்காதவனுக்கு ஒரு ரூபாய்கூட வந்ததாக நான் பார்த்ததில்லை.

---

கணக்குப்பிள்ளை | 28 செப்டம்பர், காலை 10:30

வாதம் நடக்கட்டும். தம்பி, கணக்கை மூடாதீங்க! இது முக்கியம். அப்பாவோட நிஜ ரீஃபண்ட் அந்தக் கணக்குக்குத்தான் வரப்போகுது. மூடிட்டா பணம் திரும்பிப் போயிடும். அப்புறம் புதுக் கணக்கைப் போர்ட்டலில் சேர்த்து, சரிபார்த்து, மறு வெளியீட்டுக்கு விண்ணப்பம் போட்டு, இன்னொரு காத்திருப்பு. போனது கார்டு எண்தான், கார்டைப் பிளாக் பண்ணியாச்சு. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாத்துங்க, போதும்.

பானும் பிறந்த தேதியும் போயிருக்கிறதால போர்ட்டல் பாஸ்வேர்டையும் மாத்துங்க, அங்கே சேர்த்திருக்கிற கணக்கு நீங்க சேர்த்ததுதானான்னு பாருங்க. ஏதாவது கடன் அப்பா பேர்ல விழுந்திருக்கான்னு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவை கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க.

நிஜ மெயில் வந்தா எப்படித் தெரியும்னு கேட்பீங்க, அதையும் சொல்லிடறேன். ரிட்டர்னை முடிச்சதும் intimations@cpc.incometax.gov.in முகவரியிலிருந்து 143(1) இன்டிமேஷன் வரும். கூட ஒரு பிடிஎஃப், பூட்டியிருக்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடிச்சு, ஒட்டினாப்பல பிறந்த தேதியைப் போட்டா திறக்கும். அனுப்புநர் பேரை யார் வேணாலும் போலியா வைக்கலாம், அதனால மெயிலை நம்பாம போர்ட்டலுக்குள்ள நீங்களே நுழைஞ்சு பாருங்க, அங்கேயும் அதே பிடிஎஃப் இருக்கும்.

---

டெல்டா_மாப்பிள்ளை | 28 செப்டம்பர், காலை 11:00

மேடம் லாகின் பண்ணிப் பார்த்தேன். உறுதிசெய்தல் நிலுவைன்னு காட்டுது. ஜூலை 19-ல போட்டது. இப்ப என்ன பண்றது??

---

கணக்குப்பிள்ளை | 28 செப்டம்பர், காலை 11:08

தலையில் கை வச்சுக்கிட்டேன். தனி இழை போடுங்க மாப்பிள்ளை, அங்கே வர்றேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு விண்ணப்பம் போட வழி இருக்கு.

---

குடந்தைக்காரன் | 4 அக்டோபர், இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. நிலவரம்: வாலெட்டுக்குப் போன 24,900-ல 17,600 முடக்கியிருக்காங்க. மீதி அதுக்குள்ள வெளியே போயிடுச்சு. கூப்பனா மாறின 24,900 போனது போனதுதான், ஏழே நிமிஷத்தில் செலவாயிருக்குன்னு சொன்னாங்க. முடக்கின தொகையைத் திரும்ப வாங்க நீதிமன்ற உத்தரவு வேணுமாம், லோக் அதாலத்துல சேர்த்துடலாம்னு நிலையத்தில் சொல்றாங்க. வங்கியில் எழுத்தில் கொடுத்தாச்சு, கவுண்டர் ஐயா சொன்ன வாசகத்தோடு. மேனேஜர் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை.

நேத்து அப்பாவுக்கு ஒரு போன். "சைபர் பிரிவிலிருந்து பேசுறோம், உங்க 49,800 மீட்டாச்சு, விடுவிக்க 1,999 கட்டணும்"னு. புகார் கொடுத்தது இவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அப்பாவுக்குப் பயம்.

---

இரவுப்பணி | 4 அக்டோபர், இரவு 9:40

புகார் கொடுத்தது தெரியாது, பணம் போனது தெரியும். எடுத்தவனே, இல்லை அவன்கிட்ட பட்டியல் வாங்கினவன். ஒரு தடவை கொடுத்தவர் மறுபடி கொடுப்பார்னு கணக்கு. அந்த எண்ணையும் பழைய புகாரோடு சேர்த்துடுங்க.

---

குடந்தைக்காரன் | 17 அக்டோபர், காலை 8:20

இன்னைக்குப் பாஸ்புக் போட்டோம். 14-ந்தேதி வரவு 11,770. பக்கத்தில் ITDTAX REFUND 2025-26-னு இருக்கு. ஏழு மாச வட்டியோட சரியா வந்திருக்கு, கணக்குப்பிள்ளை அக்கா சொன்ன கணக்குப்படியே.

ஆனா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கு. அப்பா ரெண்டையும் திறக்காமலே அழிச்சுட்டார். எஸ்எம்எஸ் அனுப்பின தலைப்பையும் பிளாக் பண்ணி வச்சிருக்கார். "இனிமே அவனுங்க என்ன அனுப்பினாலும் பார்க்க மாட்டேன்"ங்கிறார். வருமான வரி ஆபீஸையும் சேர்த்துத்தான் "அவனுங்க".

---

கணக்குப்பிள்ளை | 17 அக்டோபர், காலை 9:05

சந்தோஷம் தம்பி. அந்தப் பிளாக்கை மட்டும் எடுத்து விட்டுடுங்க, அடுத்த வருஷம் நோட்டீஸ் வந்தாலும் அதே தலைப்பில்தான் வரும். இன்டிமேஷன் பிடிஎஃப்பைப் போர்ட்டலிலிருந்து இறக்கி வச்சுக்குங்க.

---

மூன்றாம்_கவுண்டர் | 17 அக்டோபர், காலை 9:30

வங்கியிடமிருந்து பதில்?

---

குடந்தைக்காரன் | 17 அக்டோபர், காலை 9:52

இன்னும் இல்லை ஐயா. இருபது நாள் ஆச்சு. இன்னும் பத்து நாள் பார்த்துட்டு குறைதீர்ப்பாளருக்குப் போடுறேன்.